ஓஎஸ்பிஎஃப்: வரைபடம் எங்கே சுருங்குகிறது?

ஓஎஸ்பிஎஃப் என்னும் வழித்தேர்வு நெறிமுறை ஓடும் வலையமைப்பில், ஒவ்வொரு ரூட்டரும் அந்த வலையமைப்பின் முழு வரைபடத்தையும் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். வரைபடத்தைத் தனியாக யாரும் வரைந்து கொடுப்பதில்லை. தன்னிடம் எந்தெந்த இணைப்புகள் உள்ளன, அவை எங்கே போகின்றன, ஒவ்வொன்றின் செலவு எவ்வளவு என்று ஒவ்வொரு ரூட்டரும் ஒரு சிறு அறிக்கை எழுதும். அதற்கு எல்எஸ்ஏ என்று பெயர். அந்த அறிக்கையை அது அண்டை ரூட்டர்களிடம் கொடுக்க, அவை தங்கள் அண்டையினரிடம் கொடுக்க, கடைசி ரூட்டர் வரை மாற்றமில்லாமல் போய்ச் சேரும். எல்லா அறிக்கைகளும் சேர்ந்தால் வரைபடம் தயார். அதன் மேல் ஒவ்வொரு ரூட்டரும், டச்சு அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கை ஓட்டி, தன்னை மையமாக வைத்துப் பாதைகளைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இன்று ஐபிவி4 வலையமைப்புகளில் ஓடும் வடிவத்தை ஜான் மாய் 1998இல் எழுதிய ஆர்எஃப்சி 2328 வரையறுக்கிறது.

இந்த முறை ஒழுங்காக நடக்க ஒரே நிபந்தனை, எல்லா ரூட்டர்களின் கையிலும் ஒரே வரைபடம் இருக்க வேண்டும் என்பது. இரண்டு ரூட்டர்களின் வரைபடங்கள் வேறுபட்டால், பாக்கெட்டை ஒன்று கிழக்கே அனுப்ப, அடுத்தது அதையே மேற்கே திருப்பி அனுப்பும். பாக்கெட் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கோ ஒரு மூலையில் ஒரு கேபிள் அறுந்தாலும் அந்தச் செய்தி எல்லோரையும் எட்டியாக வேண்டும், எல்லோரும் கணக்கை மறுபடி ஓட்டியாக வேண்டும். எதுவுமே மாறாவிட்டாலும் ஒவ்வொரு அறிக்கையும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து அனுப்பப்படும். ஒரு மணி நேரம் வரை புதுப்பிக்கப்படாத அறிக்கை காலாவதியாகிவிடும்.

வரைபடம் பெருத்துப்போவதற்கு இரண்டு இடங்களில் வாய்ப்பு உண்டு. ஒரே ஈதர்நெட் லேனில் பல ரூட்டர்கள் கூடும் இடம் ஒன்று. மொத்த வலையமைப்பின் பரப்பு மற்றொன்று. முதலாவதற்கு விடை டெசிக்னேட்டட் ரூட்டர், சுருக்கமாக டிஆர். இரண்டாவதற்கு விடை ஏரியா. இரண்டும் பாடப்புத்தகங்களில் அடுத்தடுத்து வந்தாலும், வேலை செய்யும் விதத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

லேனை முதலில் பார்க்கலாம். ஒரே ஸ்விட்சில் 20 ரூட்டர்கள் செருகப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற 19 ரூட்டர்களோடு நேரடியாகப் பேச முடியும். ஓஎஸ்பிஎஃப்பில் இரண்டு ரூட்டர்கள் தரவுத்தளத்தை ஒத்திசைத்துக்கொள்ளும் உறவை அட்ஜசென்சி என்பார்கள். எல்லோரும் எல்லோரோடும் இந்த உறவை வைத்துக்கொண்டால் 20 × 19 ÷ 2, அதாவது 190 உறவுகள் ஆகும். ஒரு ரூட்டர் புது அறிக்கை ஒன்றை அனுப்பினால், அதை வாங்கிய ஒவ்வொன்றும் மற்றவற்றுக்கு எடுத்துக் கொடுக்க முயலும். ஒரே ஒயரில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப ஓடும். வரைபடத்திலும் இதே வீக்கம்தான். ஒவ்வொரு ரூட்டரும் தன் அறிக்கையில் மற்ற 19 பேரையும் எழுத வேண்டியிருப்பதால், அந்த ஒரு லேனுக்கு மட்டும் 380 பதிவுகள் சேரும்.

இதற்கு ஓஎஸ்பிஎஃப் செய்யும் உபாயம், அந்த லேனையே வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்துவிடுவது. ஒவ்வொரு ரூட்டரும் “நான் அந்தப் புள்ளியோடு இணைந்திருக்கிறேன்” என்று ஒரே ஒரு பதிவு எழுதினால் போதும்: 20 பதிவுகள். புள்ளியின் சார்பில் “என்னோடு இந்த 20 ரூட்டர்கள் இணைந்துள்ளன” என்று இன்னொரு அறிக்கை வேண்டும்: அதில் 20 பெயர்கள். 380 இருந்த இடத்தில் 40. ஆனால் லேன் என்பது வெறும் ஒயரும் ஸ்விட்சும். அதற்கு எழுதத் தெரியாது. அதன் சார்பில் எழுத ஒரு ரூட்டர் வேண்டும். அதுதான் டிஆர். லேனுக்காக அது எழுதும் அறிக்கைக்கு நெட்வொர்க் எல்எஸ்ஏ, அல்லது இரண்டாம் வகை எல்எஸ்ஏ என்று பெயர்.

ஒத்திசைவு வேலையும் டிஆர் தலையிலேயே விழுகிறது. அது சட்டென்று செத்துவிட்டால் கைகொடுக்க பிடிஆர் என்ற மாற்று ரூட்டரும் தேர்ந்தெடுக்கப்படும். மற்ற 18 ரூட்டர்களும் இந்த இருவரோடு மட்டுமே அட்ஜசென்சி வைத்துக்கொள்ளும். 18 × 2, அதோடு டிஆருக்கும் பிடிஆருக்கும் இடையே ஒன்று, மொத்தம் 37. புதுச் செய்தி உள்ள ரூட்டர் அதை 224.0.0.6 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்பும்; அதை டிஆரும் பிடிஆரும் மட்டுமே கேட்கும். டிஆர் அதையே 224.0.0.5 முகவரிக்குத் திருப்பி அனுப்ப, எல்லோரும் கேட்பார்கள். பிடிஆர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்; அதன் முறை வரும்வரை அதற்குப் பேசும் வேலை பெரிதாக இல்லை.

இதில் பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. டிஆர் என்பது அறிக்கைகளுக்குத்தான் மையமே தவிர, பாக்கெட்டுகளுக்கு அல்ல. லேனில் மூன்றாவது ரூட்டர் ஏழாவது ரூட்டருக்கு அனுப்பும் பாக்கெட் டிஆரைத் தொடாமல் நேரே போகும். ஆகையால் டிஆராக இருப்பதற்கு வேகமான இன்டர்ஃபேஸ் தேவையில்லை; நிலையாக ஓடும் பெட்டியாக இருந்தால் போதும்.

சாதாரண ரூட்டர் ஒன்றில் ஏறி அண்டையினரைப் பார்த்தால் இந்த ஏற்பாடு திரையிலேயே தெரியும். 19 வரிகளில் நான்கு மட்டும்:

```
Neighbor ID  Pri  State         Dead Time  Address    Interface
10.0.0.1       1  2WAY/DROTHER  00:00:33   10.1.5.1   GigabitEthernet0/0
10.0.0.2       1  2WAY/DROTHER  00:00:36   10.1.5.2   GigabitEthernet0/0
10.0.0.19      1  FULL/BDR      00:00:31   10.1.5.19  GigabitEthernet0/0
10.0.0.20      1  FULL/DR       00:00:38   10.1.5.20  GigabitEthernet0/0
```

`2WAY` என்று நிற்பதைப் பார்த்து ஏதோ பாதியில் மாட்டிக்கொண்டது என்று புதியவர்கள் பதறுவது வழக்கம். டிஆரோ பிடிஆரோ அல்லாத இருவருக்கு இடையில் அதுதான் சரியான நிலை. கவலைப்பட வேண்டியது `EXSTART` என்றோ `EXCHANGE` என்றோ நகராமல் நிற்கும்போதுதான். பெரும்பாலும் இரண்டு பக்கமும் எம்டியு அளவு வேறுபட்டிருக்கும்.

டிஆரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை எண் முதலில் பார்க்கப்படும். அது சமமானால் ரூட்டர் ஐடி பெரிதாக உள்ளது வெல்லும். 0 முன்னுரிமை உள்ளது போட்டியிலேயே இல்லை. கேட்க எளிதாக இருந்தாலும் நடைமுறையில் இந்தத் தேர்தலுக்கு ஒரு விசித்திரம் உண்டு: பதவியில் இருப்பவரை யாரும் இறக்க முடியாது. லேனில் கண்விழிக்கும் ரூட்டர் ஏற்கெனவே யாரேனும் டிஆர் இருக்கிறார்களா என்று 40 விநாடி வரை காத்துப் பார்க்கும். இருந்தால், தன் முன்னுரிமை 255 ஆனாலும் அதை ஏற்றுக்கொள்ளும். மின்தடைக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக எழும்போது, சட்டென்று பூட் ஆகும் பழைய சின்னப் பெட்டி பதவியில் அமர்ந்துவிட, மெதுவாக எழும் பெரிய ரூட்டர் சாதாரண உறுப்பினராக நிற்பது இதனால்தான். விரும்பிய ரூட்டருக்கு முன்னுரிமையை ஏற்றி வைப்பது மட்டும் இதைத் தடுக்காது. ஒருபோதும் டிஆர் ஆகக் கூடாதவற்றுக்கு 0 கொடுத்து வைப்பதே உறுதியான வழி.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. லேன் என்ற புள்ளிக்கு வரைபடத்தில் பெயராக இருப்பது டிஆரின் ஐபி முகவரி. டிஆர் மாறினால் புள்ளியின் பெயரே மாறும். புது டிஆர் புது நெட்வொர்க் எல்எஸ்ஏ எழுத வேண்டும். லேனில் உள்ள எல்லா ரூட்டர்களும் தங்கள் அறிக்கையில் பழைய பெயரை நீக்கிப் புதியதை எழுத வேண்டும். 20 ரூட்டர்கள் உள்ள லேனில் ஒரு பதவி மாற்றம் என்பது ஏரியா முழுவதும் 20க்கு மேற்பட்ட அறிக்கைகள் ஓடுவதாகும். முன்னுரிமை கூடிய ஒன்று வந்து போகும்போதெல்லாம் அதை நடத்த வேண்டாம் என்று நெறிமுறையை எழுதியவர்கள் முடிவு செய்தது நியாயமே.

இரண்டே ரூட்டர்கள் ஈதர்நெட் கேபிளால் இணைந்திருந்தாலும், ஈதர்நெட் என்பதால் ஓஎஸ்பிஎஃப் அதையும் லேனாகவே கருதித் தேர்தல் நடத்தும். அங்கே டிஆரால் ஒரு லாபமும் இல்லை. எழும்போது 40 விநாடி தாமதமும் தேவையற்ற ஓர் அறிக்கையும்தான் மிச்சம். அதனால் அத்தகைய இணைப்புகளில் `ip ospf network point-to-point` என்று எழுதிவிடுவது வழக்கம். இரு முனையிலும் எழுத வேண்டும். ஒரு முனையில் எழுதி மறு முனையை மறந்துவிட்டால் கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு உண்டாகும். இரண்டு வகைக்கும் ஹலோ நேரங்கள் ஒன்றே என்பதால் அட்ஜசென்சி `FULL` என்று அழகாகக் காட்டும். ஆனால் ஒருவர் “நான் புள்ளியோடு இணைந்திருக்கிறேன்” என்கிறார், மற்றவர் “நான் நேரே அவரோடு இணைந்திருக்கிறேன்” என்கிறார். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டாது. அண்டையினர் பட்டியல் சரி, வழிப் பட்டியல் காலி என்ற நிலை கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி ஏரியா. வலையமைப்பைப் பல ஏரியாக்களாகப் பிரித்தால், ரூட்டர்கள் எழுதும் அறிக்கையும் லேன் அறிக்கையும் தம் ஏரியாவின் எல்லையைத் தாண்டாது. அடுத்த ஏரியாவின் கோடுகளும் புள்ளிகளும் இந்த ஏரியாவுக்குத் தெரியாது. எல்லையில் நிற்கும் ரூட்டருக்கு ஏபிஆர் என்று பெயர். அது இரண்டு ஏரியாக்களின் வரைபடத்தையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒன்றில் உள்ள சப்நெட்டுகளை மற்றதற்கு “இந்த சப்நெட்டை என் வழியாக இந்தச் செலவில் அடையலாம்” என்று சொல்லும். இது மூன்றாம் வகை எல்எஸ்ஏ. வரைபடம் போய்ப் பட்டியல் வருகிறது என்று இதைச் சொல்லலாம்.

ஏரியா பிரித்தால் தரவுத்தளம் சிறுக்கும் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. எண்களைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கூற்றில் ஒரு பாதி விடுபட்டிருப்பது தெரியும். 240 ரூட்டர்கள் உள்ள வலையமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரூட்டர்களுக்கு இடையே 480 நேர் இணைப்புகள், ரூட்டருக்கு ஒன்றாக 240 லேன்கள். ஆக 720 சப்நெட்டுகள். ஒரு ரூட்டரின் அறிக்கை 24 பைட் தலைப்பில் தொடங்கி, பதிவு ஒன்றுக்கு 12 பைட் வீதம் வளரும். நேர் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முனைக்கு இரண்டு பதிவுகள் வேண்டும்: அண்டை ரூட்டருக்கு ஒன்று, இணைப்பின் சப்நெட்டுக்கு ஒன்று. அந்த லேனில் வேறு ரூட்டர் இல்லாததால் அதற்கு ஒரு பதிவு போதும். எல்லாம் கூட்டினால் 240 அறிக்கைகள், 31,680 பைட்.

சுமார் 31 கிலோபைட். இன்றைய ரூட்டருக்கு இது தூசு; 1990களில் பரவலாக இருந்த சிஸ்கோ 2500 வரிசைக்குக்கூட நினைவகத்தில் இடம் இல்லாமல் போயிருக்காது. அந்தப் பெட்டிகளில் 20 மெகாஹெர்ட்ஸில் ஓடிய மோட்டோரோலா சிப்புக்குச் சுமையாக இருந்தது, ஒவ்வொரு இணைப்பு அசைவுக்கும் கணக்கை மறுபடி ஓட்டுவதுதான். எனவே சிறிதாக்குவதன் நோக்கம் பைட்டைச் சேமிப்பது மட்டுமல்ல. ஓர் இடத்து அதிர்வு எத்தனை ரூட்டர்களை உலுக்குகிறது என்பதைக் குறைப்பது.

அதே வலையமைப்பை நான்கு ஏரியாக்களாகவும் நடுவில் ஒரு முதுகெலும்பு ஏரியாவாகவும் பிரிப்போம். ஒவ்வோர் ஏரியாவிலும் 60 ரூட்டர்கள். அவற்றில் இரண்டு ஏபிஆர்கள். ஏரியாவுக்கு 175 சப்நெட்டுகள், முதுகெலும்பில் 20. இப்போது ஏரியா 1க்குள் இருக்கும் ரூட்டரின் தரவுத்தளத்தில் 60 ரூட்டர் அறிக்கைகள் உள்ளன, 7,680 பைட். நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் வெளியே உள்ள 545 சப்நெட்டுகளையும் ஏபிஆர்கள் ஒவ்வொன்றாக உள்ளே அறிவிக்கின்றன. இரண்டு ஏபிஆர்களும் தனித்தனியே அறிவிப்பதால் 1,090 மூன்றாம் வகை அறிக்கைகள். ஒன்றுக்கு 28 பைட் வீதம் 30,520 பைட். கூட்டினால் 38,200. பிரிப்பதற்கு முன் இருந்ததைவிடத் தரவுத்தளம் பெருத்துவிட்டது. அறிக்கைகளின் எண்ணிக்கையோ 240இலிருந்து 1,150 ஆகிவிட்டது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை இத்தனையும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

இதனால் பிரிப்பு வீண் என்று ஆகிவிடாது. டைக்ஸ்ட்ரா கணக்கு ஓடுவது 60 ரூட்டர் வரைபடத்தின் மேல்தான். மூன்றாம் வகை அறிக்கை மாறும்போது முழுக் கணக்கும் ஓடாது, அந்த ஒரு சப்நெட்டுக்கு மட்டும் திருத்தினால் போதும். ஆனாலும் ஏரியா 3இல் ஓர் இணைப்பு விழுந்தால் அந்தச் செய்தி, ஒரு வரி நீக்கமாக, ஏரியா 1இன் 60 ரூட்டர்களுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். எல்லைக்கோடு போட்டாயிற்று, ஆனால் எல்லாம் அதைத் தாண்டி வருகிறது.

தரவுத்தளத்தை உண்மையில் சிறிதாக்குவது முகவரிச் சுருக்கம். ஏரியா 1இன் எல்லாச் சப்நெட்டுகளும் 10.1.0.0/16 என்ற ஒரே தொகுதிக்குள்ளும், ஏரியா 2இன் சப்நெட்டுகள் 10.2.0.0/16க்குள்ளும் அடங்கும்படி முதலிலேயே முகவரிகளைக் கொடுத்திருந்தால், ஏபிஆரில் ஒரே வரி எழுதலாம்:

```
router ospf 1
 area 1 range 10.1.0.0 255.255.0.0
```

அதன் பிறகு ஏபிஆர் 175 சப்நெட்டுகளை அடுக்காது, 10.1.0.0/16 என்று ஒரே அறிவிப்பு செய்யும். வெளியூர்த் தொலைபேசிக்கு எஸ்டிடி குறியீடு மட்டும் தெரிந்தால் போதும், 0452க்குள் எத்தனை எக்ஸ்சேஞ்ச் என்பது மதுரையின் கவலை என்பதைப் போன்றது இது. முதுகெலும்பின் 20 சப்நெட்டுகளையும் ஒரு தொகுதியாக்கினால், ஏரியா 1க்குள் வருவது நான்கு தொகுதிகள், இரண்டு ஏபிஆர்கள் வழியாக எட்டு அறிக்கைகள், 224 பைட். மொத்தம் 7,904 பைட், 68 அறிக்கைகள். ஏரியா 3இல் ஓர் இணைப்பு விழுந்தால் வெளியே ஒரு சலனமும் தெரியாது. தொகுதியில் வேறு ஏதாவது ஒரு சப்நெட் உயிரோடு இருக்கும்வரை 10.3.0.0/16 அப்படியே நிற்கும். ஒரு விதிவிலக்கு: ஆர்எஃப்சி 2328இன்படி தொகுதியின் செலவு என்பது அதிலுள்ள சப்நெட்டுகளில் மிகத் தூரமானதன் செலவு. விழுந்தது அந்தத் தூரச் சப்நெட்டாக இருந்தால் செலவு மாறி, அறிவிப்பும் மாறும். அதைத் தடுக்க விரும்புவோர் தொகுதிக்கு நிலையான செலவை எழுதிவைப்பார்கள்.

ஆக, ஏரியாவின் பயன் முகவரி கொடுத்தவர் கையில் இருக்கிறது. கிளைக்குக் கிளை கைக்கு வந்த முகவரியைக் கொடுத்துப் பத்து வருடம் ஓட்டிய வலையமைப்பில் பின்னால் ஏரியாக்களைப் பிரித்தால், சுருக்க முடியாத 1,090 வரிகள்தான் கிடைக்கும். எத்தனை ரூட்டருக்கு ஓர் ஏரியா என்ற கேள்வி பெரிதாக விவாதிக்கப்படுகிறது. 50க்கு மேல் வேண்டாம் என்பது பழைய அறிவுரை. இன்றைய பெட்டிகள் சில நூறு ரூட்டர்களை ஒரே ஏரியாவில் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். முகவரிகள் சுருங்குமா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையானால், மேலே கண்ட அளவிலான வலையமைப்பை ஒரே ஏரியாவாக விட்டுவிடுவதே மேல்.

ஏரியாக்கள் எல்லாம் ஏரியா 0 என்ற முதுகெலும்போடு ஒட்டியே இருக்க வேண்டும் என்ற விதியின் காரணமும் இந்தப் பட்டியல் முறையில்தான் இருக்கிறது. ஏரியாவுக்குள் முழு வரைபடம் இருப்பதால் சுற்றுப் பாதை உருவானால் ரூட்டருக்குத் தெரிந்துவிடும். ஏரியாக்களுக்கு இடையே வரைபடம் இல்லை. “என் வழியாக இவ்வளவு செலவு” என்ற வாய்ச்சொல் மட்டுமே. ரிப் போன்ற பழைய நெறிமுறைகள் பேசியது இதே மொழியில்தான். அங்கே ஒருவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிச் சுற்றில் மாட்டிக்கொள்ளும் நோய் உண்டு. ஓஎஸ்பிஎஃப் அந்த நோயை அமைப்பாலேயே தடுக்கிறது. ஏபிஆர், மற்ற ஏரியாக்களைப் பற்றிய செய்தியை ஏரியா 0 வழியாக வந்தால் மட்டுமே நம்பும். எல்லாக் கிளைகளும் ஒரே நடுவில் சேரும் வடிவத்தில் சுற்று உருவாக இடமில்லை. இதை மறந்து ஏரியா 3ஐ ஏரியா 2இன் ஓரத்தில் ஒட்டினால், இடையில் நிற்கும் ரூட்டர் இரு பக்கமும் `FULL` காட்டும். ஆனால் ஏரியா 3இல் உள்ள ரூட்டரில் `show ip route ospf` கொடுத்தால், வேற்று ஏரியா வழிகளைக் குறிக்கும் `O IA` என்ற வரி ஒன்றுகூட இருக்காது. ஏரியா 2க்குக் குறுக்கே விர்ச்சுவல் லிங்க் ஒன்றைப் போட்டு முதுகெலும்பை நீட்டிச் சமாளிக்கலாம். அது தற்காலிக ஊன்றுகோல்தான்.

சுருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. அது தெரிவது ஏரியா இரண்டாகப் பிளக்கும்போது. ஏரியா 2இன் இரண்டு ஏபிஆர்களை ‘அ’, ‘ஆ’ என்று கொள்வோம். ஏரியாவின் ரூட்டர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. சங்கிலி நடுவில் அறுகிறது. 10.2.10.0/24 ‘அ’வின் பக்கம், 10.2.40.0/24 ‘ஆ’வின் பக்கம். இரண்டு ஏபிஆர்களும் வெளியே 10.2.0.0/16 என்றே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டிடமும் அந்தத் தொகுதியின் ஏதோ ஒரு துண்டு இருக்கிறது அல்லவா? ஏரியா 1இலிருந்து 10.2.40.5க்குப் புறப்படும் பாக்கெட், செலவு குறைவு என்று ‘அ’வை வந்தடைகிறது. ‘அ’வுக்கு அந்தச் சப்நெட்டுக்கு வழி தெரியாது. தொகுதியை அறிவிக்கும் ஏபிஆர், தனக்கு உள்ளே தெரியாத முகவரிக்கு வரும் பாக்கெட்டுகளை வெளியே திருப்பியனுப்பிச் சுற்றவிடாமல் இருக்க, அந்தத் தொகுதிக்கு ஒரு குப்பைத்தொட்டி வழியை வைத்திருக்கும்:

```
O   10.2.0.0/16 is a summary, 00:12:41, Null0
```

பாக்கெட் அதில் விழுந்து மறைகிறது. சுருக்கம் இல்லாதிருந்தால் ‘ஆ’ 10.2.40.0/24ஐத் தனியே அறிவித்திருக்கும். ‘அ’ அதை முதுகெலும்பு வழியாகக் கேட்டு, பாக்கெட்டை ‘ஆ’வுக்கு அனுப்பியிருக்கும். விவரத்தை மறைத்ததால் வந்த வினை இது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு குழப்பமாகத் தெரியும். ஓர் அலுவலகத்துக்குச் சேவை கிடைக்கும், அடுத்த அலுவலகத்துக்குக் கிடைக்காது. யாருக்கு எந்த ஏபிஆர் அருகில் என்பதைப் பொறுத்தது அது. வழிப் பட்டியலில் 10.2.0.0/16 எல்லா ரூட்டர்களிலும் பத்திரமாக இருக்கும். `traceroute` ஒவ்வொரு முறையும் ‘அ’விலேயே நின்றுபோவதுதான் துப்பு. ‘அ’வில் ஏறி `show ip route 10.2.40.5` கொடுத்து `Null0` என்று விடை வந்தால் ஏரியா பிளந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு மருந்து, ‘அ’வையும் ‘ஆ’வையும் ஏரியா 2க்குள்ளேயே நேரடியாக இணைத்து வைப்பது. அவை இரண்டுக்கும் இடையே ஏற்கெனவே தடித்த இணைப்பு ஒன்று இருப்பது வழக்கம். ஆனால் அது முதுகெலும்பின் பகுதியாக ஏரியா 0இல் இருக்கும். ஓஎஸ்பிஎஃப்பில் ஓர் இன்டர்ஃபேஸ் ஒரே ஓர் ஏரியாவுக்குத்தான் சொந்தம் என்பதால், அந்த இணைப்பை ஏரியா 2 தன் வரைபடத்தில் பார்க்காது. அதே கேபிளின் மேல் இன்னொரு விலேன் போட்டு அதை ஏரியா 2இல் சேர்ப்பது பழைய வழி. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5185 ஒரே இணைப்பின் மேல் இரண்டு ஏரியாக்களுக்கும் அட்ஜசென்சி வைக்க அனுமதிக்கிறது. அது உள்ள பெட்டிகளில் விலேனும் தேவையில்லை. எந்த வழியானாலும், ஏபிஆரில் `area range` வரியை எழுதுவதற்கு முன்பே இந்த இணைப்பு இருந்தாக வேண்டும்.